சும்மா கிடந்த பதினொரு வென்ஃப்ளான்கள்

நோய்த்தொற்றுத் தடுப்புச் செவிலியராக நான் எழுதிய முதல் தணிக்கை அறிக்கை மூன்று முறை திரும்பி வந்தது. கேள்வி சிறியதுதான். நரம்பில் மருந்து ஏற்றக் கையில் போடும் சிறு குழாயான கான்யுலா, அதாவது எங்கள் வாயில் வென்ஃப்ளான், வேலை முடிந்ததும் எடுக்கப்படுகிறதா?

தேவை தீர்ந்த கான்யுலாவை உடனே எடுத்துவிட வேண்டும் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2011இல் வெளியிட்ட வழிகாட்டி. 'உடனே' என்பதை எண்ண முடியாது. ஆகவே மருத்துவர்களுடன் பேசி அதை எண்ணக்கூடியதாக மாற்றினோம்: 24 மணி நேரமாக ஊசி மருந்தோ டிரிப்ஸோ போகாத கான்யுலா கையில் இருக்கக் கூடாது, இருந்தால் கேஸ் ஷீட்டில் காரணம் இருக்க வேண்டும்.

பொது மருத்துவ வார்டில் 40 கான்யுலாக்களைப் பார்த்தேன். 15 சும்மா கிடந்தன. நான்கு பேருக்கு வலிப்பு, ரத்த வாந்தி என்று காரணம் எழுதியிருந்தது. மீதி 11. அதை 27.5 சதவீதம் என்று பெருமையாக எழுதியிருந்தேன். "நாற்பதை எண்ணியதற்குப் புள்ளி ஐந்து எதற்கு? 40க்கு 11 என்று எழுதம்மா" என்று கண்காணிப்பாளர் மேடம் அடித்துக் கொடுத்தார்.

இரண்டாம் முறை திரும்பியது பரிந்துரையால். 'செவிலியருக்குப் பயிற்சி தேவை' என்று எழுதியிருந்தேன். "அவர்களுக்குத் தெரியாது என்று யார் சொன்னது?" என்றார் மேடம். அந்த 11 கேஸ் ஷீட்டுகளை மறுபடி படித்தேன். ஒன்பதில், காலை ரவுண்ட்ஸின்போது ஊசி மருந்து மாத்திரையாக மாற்றப்பட்டிருந்தது. கான்யுலாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உத்தரவில்லாமல் எடுத்துவிட்டு, இரவில் மறுபடி போடச் சொன்னால் நரம்புக்கு எங்கே போவது என்ற பயம் செவிலியருக்கு. இதற்குப் பயிற்சி வகுப்பு என்ன செய்யும்? பரிந்துரையை மாற்றினேன். மருந்துத் தாளில் 'கான்யுலா: எடுக்க / வைக்க, காரணம்' என்று ஒரு கட்டம், அது வெறுமையாக இருந்து 24 மணி நேரம் கடந்தால், பணி மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செவிலியரே எடுக்கலாம். தாளை அச்சிடுவது யார், எந்தத் தேதிக்குள் என்பதையும் எதிரிலேயே எழுதினேன்.

மூன்றாவதாக, 'ஆறு மாதம் கழித்து மறுதணிக்கை' என்ற ஒற்றை வரி நிற்கவில்லை. புதிய தாள் புழக்கத்துக்கு வந்து எட்டு வாரம் கழித்து, அதே விதி, அதே 40, முன்னறிவிப்பு இல்லாத நாள் என்று விரித்தேன். எண்ணுவது நானல்ல, வேறு வார்டின் செவிலியர். என் பரிந்துரை பலித்ததா என்பதை நானே எண்ணினால் கண் சற்றே தாராளமாகிவிடும். எடுத்த 24 மணி நேரத்துக்குள் மறுபடி குத்த நேர்ந்தது எத்தனை பேருக்கு என்பதையும் சேர்த்தேன். செவிலியரின் பயம் நியாயமா என்பது அதில்தானே தெரியும்.

மறுதணிக்கையில் 40க்கு 3. மறுபடி குத்தியது இரண்டு பேருக்கு. அந்த மூவரும் அவசரப் பிரிவிலிருந்து இரண்டு கைகளிலும் கான்யுலாவோடு வந்தவர்கள். எங்கள் தாளில் ஒரு கட்டம்தான் இருந்தது.