ஃபிரான்சைஸா, சொந்தக் கடையா: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

ஒரு நிறுவனத்தின் பெயரில் அதன் கிளையை நடத்தும் உரிமையான ஃபிரான்சைஸை எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்றுதான். குறைந்த முதலோடு முதன்முறையாகத் தொழிலுக்கு வருபவர் கேட்க வேண்டியது வேறு: எல்லாச் செலவும் முடிந்து கடை திறக்கும் அன்று கையில் எவ்வளவு மிஞ்சும்? மூடப்படும் புதுக் கடைகளில் பல, விற்பனை ஏறிக்கொண்டிருக்கும்போதே ரொக்கம் தீர்ந்து மூடப்படுபவை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கையில் இருப்பது 1000 பங்கு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்ப் பணத்தில் அது எவ்வளவாகவும் இருக்கலாம். ஃபிரான்சைஸ் எடுத்தால் நுழைவுக் கட்டணம் 250, நிறுவனம் சொல்லும் அளவுப்படி உள்வேலையும் இயந்திரங்களும் 400, முதல் சரக்கு 150, கடை அட்வான்ஸ் 100. மிச்சம் 100. சொந்தக் கடை என்றால் கட்டணம் கிடையாது. பழைய இயந்திரம், எளிய உள்வேலை என்று 250-இல் முடிக்கலாம். சரக்கு 120, அட்வான்ஸ் அதே 100. மிச்சம் 530.

அடுத்தது மாதக் கணக்கு. இரண்டு கடைக்கும் வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து மாதம் 60. உரிமையாளரின் வீட்டுச் செலவுக்கு 20. இந்த 20-ஐ எழுதாமல் விடுவதுதான் முதல் தவறு. வேறு வருமானம் இல்லாதவருக்கு அதுவும் கடைச் செலவுதான், கல்லாவிலிருந்துதான் போகும்.

ஃபிரான்சைஸ் கடையில் 100-க்கு விற்றால் சரக்கின் அடக்கம் 50, பெயரைப் பயன்படுத்த நிறுவனத்துக்குத் தரும் ராயல்டி 6, விளம்பர நிதி 2 போக 42 நிற்கும். சொந்தக் கடையில் மொத்தக் கொள்முதல் தள்ளுபடி கிடைக்காது என்பதால் அடக்கம் 54 ஆகும், ஆனால் ராயல்டி இல்லை, 46 நிற்கும். பெயர் தெரிந்த கடை என்பதால் ஃபிரான்சைஸுக்கு முதல் மாத விற்பனை 100, பெயர் தெரியாத சொந்தக் கடைக்கு 50 என்போம். இரண்டும் மாதத்துக்குப் பத்துப் பத்தாக ஏறுகின்றன.

சொந்தக் கடை தன் செலவையும் வீட்டுச் செலவையும் தானே தாங்க 14 மாதம் ஆகிறது. அதுவரை கையிலிருந்து போடுவது சுமார் 380. ஃபிரான்சைஸ் கடை பதினோராவது மாதமே தன் காலில் நிற்கிறது, போடுவதும் சுமார் 190-தான், அதாவது பாதி. பெயருக்குக் கொடுத்த விலை வீண் இல்லை. ஆனால் கையில் இருப்பது 100. முதல் மாதம் 38, இரண்டாம் மாதம் 34, மூன்றாம் மாதம் 30 போகும். மூன்றாவது மாதக் கடைசியில் கையிருப்பு முடிந்துவிடும். 530 வைத்திருக்கும் சொந்தக் கடை மெதுவாக ஏறினாலும் தப்பிக்கும். இதே ஃபிரான்சைஸ் 700 பங்கில் திறக்க முடிவதாக இருந்தால் அதுதான் நல்ல தேர்வு. ஆகவே "எது சிறந்தது" என்பதற்குப் பொதுவான விடை இல்லை. திறப்புச் செலவு போக நிற்கும் தொகை, மாதப் பற்றாக்குறைகளின் கூட்டுத்தொகையைத் தாண்டுகிறதா என்பதே தீர்ப்பு. அந்தக் கூட்டுத்தொகைக்கு மேல் அதில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும். ஏனென்றால் விற்பனை சொன்ன வேகத்தில் ஏறுவதில்லை.

ராயல்டியைப் பற்றி ஒன்று. அது பெரும்பாலும் லாபத்தின் மீது அல்ல, விற்பனையின் மீது பிடிக்கப்படுகிறது. மேலே சொன்ன கடையில் விற்பனை 200-ஐ எட்டும்போது ராயல்டியும் விளம்பர நிதியுமாக நிறுவனத்துக்குப் போவது 16. வீட்டுச் செலவைச் சேர்க்காமல், கடைச் செலவு 60 போக நிற்பது 24. 8 சதவீதம் என்று காகிதத்தில் இருப்பது, அந்தக் கட்டணம் இல்லாமல் வந்திருக்கக்கூடிய 40-இல் ஐந்தில் இரண்டு பங்கு. நஷ்ட மாதத்திலும் இது போகும். நிறுவனத்திடமே சரக்கு வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், விலைப்பட்டியலை வாங்கி வெளிச்சந்தை விலையோடு பொருள் பொருளாக ஒப்பிடுங்கள். ராயல்டி இல்லை என்று விற்கப்படும் திட்டங்களில் அந்தப் பணம் சரக்கு விலைக்குள் ஒளிந்திருக்கக்கூடும்.

விற்பனைக் கணிப்பை நிறுவனத்தின் வாயால் மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் காட்டும் சராசரியில் பல ஆண்டு ஓடிய கிளைகளும், நல்ல இடத்தில் நிறுவனமே நடத்தும் கிளைகளும் கலந்திருக்கும். அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர், பணமோ கையெழுத்தோ வாங்குவதற்குக் குறைந்தது 14 நாள் முன்பு 23 பகுதிகள் கொண்ட ஒரு விவர ஆவணத்தைத் தந்தாக வேண்டும். அதில் 7-ஆம் பகுதி மொத்தத் திறப்புச் செலவைச் சொல்கிறது. 20-ஆம் பகுதி, கடந்த மூன்று ஆண்டுகளில் திறந்த, மூடிய, கைமாறிய கிளைகளின் எண்ணிக்கையையும், கடந்த ஆண்டு வெளியேறியவர்களின் தொடர்பு விவரத்தையும் தருகிறது. உங்கள் நாட்டில் இப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும் இதே இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பட்டியல் கிடைத்ததும் நிறுவனம் சுட்டிக்காட்டும் கிளைகளை விட்டுவிட்டு, திறந்து ஓரிரு ஆண்டான ஐந்து பேரையும் மூடிய இருவரையும் நீங்களே தேடிப் பேசுங்கள். "லாபம் வருகிறதா" என்று கேட்டால் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். திறக்கும்போது சொன்னதைவிட எவ்வளவு கூடுதலாகச் செலவானது, வீட்டுக்குப் பணம் எடுக்க ஆரம்பித்தது எத்தனையாவது மாதம், சரக்கு தாமதமானால் நிறுவனம் என்ன செய்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு கிளைக்கு எதிரே வேலைநாள் ஒன்று, விடுமுறை ஒன்று முழுதாக உட்கார்ந்து பில்களை எண்ணுங்கள். உங்கள் கணக்கில் அந்த எண்ணைப் போட்டால் பல நேரம் முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

சொந்தக் கடைக்குப் போகிறவருக்கு இந்தச் சோதனை இன்னும் கடினம், பார்க்கக் கிளையே இல்லை. அதனால் நீண்ட வாடகை ஒப்பந்தம் போடுவதற்கு முன், வாடகை குறைந்த தற்காலிக இடத்திலோ ஆர்டரின் பேரிலோ எட்டு வாரம் விற்றுப் பாருங்கள். முதல் வாரம் வருபவர்கள் தெரிந்தவர்கள். அதை விற்பனையாக எண்ண வேண்டாம். ஐந்தாவது வாரத்திலிருந்து அறிமுகமில்லாதவர்களில் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்பதைத் தனியாகக் குறித்து வாருங்கள். அந்த எண் ஏறாமல் நின்றால் மேலே சொன்ன மாதத்துக்குப் பத்து ஏற்றம் உங்களுக்கு வராது.

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை வழக்கறிஞரோடு உட்கார்ந்து வாசியுங்கள். முதலாவது, இடம் நிறுவனத்தின் ஒப்புதல் பெறுவதற்கு முன்பே கட்டணம் கட்டச் சொல்கிறதா. இடம் அமையாமல் மாதங்கள் ஓடினால் பணம் திரும்பாது என்றிருக்கும். இரண்டாவது, உங்கள் பகுதிக்குள் இன்னொரு கிளை திறக்கவோ, அங்குள்ளவர்களுக்கு நிறுவனமே ஆன்லைனில் விற்கவோ வழி இருக்கிறதா. மூன்றாவது, இடையில் கடையைப் புதுப்பிக்கச் சொல்லும் உரிமை. உச்சவரம்பு எழுதப்படாவிட்டால் சேர்த்த லாபம் அதில் கரையும். நான்காவது வெளியேறும் வழி: ஒப்பந்தம் முடிந்தபின் அதே தொழிலை எத்தனை ஆண்டு, எவ்வளவு தூரத்துக்குள் செய்யக் கூடாது, பாக்கி ராயல்டிக்குச் சொந்தச் சொத்து பிணையா என்பது. கடை வாடகை ஒப்பந்தம் ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தைவிட நீளமாக இருந்தால், பெயர்ப்பலகையை இறக்கிய பிறகும் வாடகை உங்கள் தலையில் நிற்கும். இரண்டையும் ஒரே தேதியில் முடியும்படி எழுதி வாங்குங்கள்.