பி.எல்.இ. சென்சார் ப்ராஜெக்டில் இன்டர்வல் தேர்வு: வைவாவுக்கும் பெஞ்சுக்கும்

இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிவ்யூவில் குறைந்த மின்சார ப்ளூடூத்தான பி.எல்.இ. சென்சார் வைத்தவர்களிடம் தவறாமல் வரும் கேள்வி இது: "லேட்டன்சி 30 போட்டிருக்கிறாயே, அப்போ அலாரமும் இரண்டு வினாடி தாமதமாகத்தானே வரும்?" லேட்டன்சி என்பது போனின் அழைப்புகளில் எத்தனையைச் சென்சார் தொடர்ந்து தவறவிடலாம் என்ற எண். பலர் "ஆமாம் சார், பேட்டரிக்காக" என்று சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். சரியான பதில் "இல்லை". ஏன் இல்லை என்று புரிந்துவிட்டால் மற்ற எண்களைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கணக்குதான்.

ஒரு ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டரை எடுத்துக்கொள்வோம். nRF52832 சிப், ஒரு CR2032 காயின் செல். 10 வினாடிக்கு ஒருமுறை வெப்பநிலையை போனுக்கு அனுப்ப வேண்டும். கதவு திறந்தால் உடனே அலாரம் போக வேண்டும். போனிலிருந்து சென்சாருக்குப் போவது எப்போதாவது மாற்றும் எச்சரிக்கை வரம்பு மட்டும். செல் ஒரு வருடமாவது தாங்க வேண்டும்.

முதலில் பட்ஜெட். CR2032-இல் பயன்படுத்தக் கிடைப்பது 200 மில்லி ஆம்பியர் மணி என்று வைப்போம். வருடத்துக்கு 8760 மணி நேரம். வகுத்தால் சராசரி 22.8 மைக்ரோ ஆம்பியர். இந்த ஒரு எண்ணைப் பேப்பரின் மேல் எழுதி வையுங்கள், எல்லா முடிவும் இதோடு ஒப்பிட்டுத்தான்.

இனி கனெக்‌ஷன். இணைந்த பிறகு போன் சீரான இடைவெளியில் சென்சாரை அழைக்கும்; அந்த இடைவெளிதான் இன்டர்வல், ஒவ்வொரு அழைப்பும் ஒரு ஈவென்ட். டேட்டா எதுவும் இல்லாத ஒரு கனெக்‌ஷன் ஈவென்டுக்கு சுமார் 6 மைக்ரோ கூலும் செலவாகிறது என்று கொள்வோம் (உங்கள் போர்டில் அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்). இன்டர்வல் 60 மில்லி வினாடி, லேட்டன்சி 0 என்றால் 6-ஐ 0.06-ஆல் வகுக்க 100 மைக்ரோ ஆம்பியர். செல் 83 நாளில் தீர்ந்துவிடும். சரி, இன்டர்வலை 1.86 வினாடி ஆக்கினால்? 3.2 மைக்ரோ ஆம்பியர்தான், ஆனால் அலாரமும் 1.86 வினாடி வரை காத்திருக்கும்.

லேட்டன்சி இங்கேதான் கைகொடுக்கிறது. இன்டர்வல் 60, லேட்டன்சி 30 என்றால் சென்சார் 30 ஈவென்டுகளைத் தவறவிட்டு 31-ஆவதில் எழுந்தால் போதும், அதுவும் 1.86 வினாடிதான். செலவு அதே 3.2 மைக்ரோ ஆம்பியர். ஆனால் தவறவிடுவது சென்சாருக்குக் கொடுத்த அனுமதி, கட்டாயம் அல்ல. போன் 60 மில்லி வினாடிக்கு ஒருமுறை அழைத்துக்கொண்டேதான் இருக்கும். கதவு திறந்ததும் சென்சார் அடுத்த அழைப்பிலேயே எழுந்து பதில் சொல்லலாம். ஆகவே சென்சாரிலிருந்து போனுக்கு அதிகபட்சம் 60 மில்லி வினாடி, போனிலிருந்து சென்சாருக்கு அதிகபட்சம் 1.86 வினாடி. வரம்பை மாற்றுபவர் இரண்டு வினாடி பொறுத்துக்கொள்வார். வைவாவில் இந்த இரண்டு திசையையும் தனித்தனியாகச் சொன்னாலே போதும்.

60, 30 என்று எடுத்ததற்குக் காரணம் ஐபோன். ஸ்பெக் 7.5 மில்லி வினாடியிலிருந்து 4 வினாடி வரை இன்டர்வலும், 499 வரை லேட்டன்சியும் அனுமதிக்கிறது. ஆப்பிளின் வழிகாட்டுதல் அதைவிடக் கெடுபிடி: லேட்டன்சி 30-க்கு மேல் கூடாது, இன்டர்வல் 15 மில்லி வினாடியின் மடங்காக இருக்க வேண்டும், அதிகபட்ச இன்டர்வலை லேட்டன்சியோடு ஒன்று கூட்டிப் பெருக்கி, அதன் மூன்று மடங்கை எடுத்தாலும் பேச்சே இல்லாவிட்டால் இணைப்பு அறுந்ததாகக் கொள்ளும் நேரமான சூப்பர்விஷன் டைம்அவுட்டைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நம் கணக்கில் 1.86 × 3 = 5.58, டைம்அவுட் 6 வினாடி. மயிரிழையில் தப்புகிறது. ஸெஃபைர் ஆர்டிஓஎஸ்ஸில் எழுதும்போது இன்டர்வலின் அலகு 1.25 மில்லி வினாடி, டைம்அவுட்டின் அலகு 10 மில்லி வினாடி:

```
CONFIG_BT_GAP_AUTO_UPDATE_CONN_PARAMS=y
CONFIG_BT_PERIPHERAL_PREF_MIN_INT=36
CONFIG_BT_PERIPHERAL_PREF_MAX_INT=48
CONFIG_BT_PERIPHERAL_PREF_LATENCY=30
CONFIG_BT_PERIPHERAL_PREF_TIMEOUT=600
```

இது வேண்டுகோள்தான், முடிவு போனுடையது. `le_param_updated` கால்பேக்கில் வரும் மதிப்பை லாகில் பார்க்காமல் "60 போட்டேன்" என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். கனெக்ட் ஆன மறுநொடியே இந்த வேண்டுகோளை அனுப்புவதும் தவறு. அந்த நேரத்தில் போன் சர்வீஸ்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும். லேட்டன்சி அமலுக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு கேள்வியும் 1.86 வினாடி வரை காத்துக் கிடக்கலாம். இருபது கேள்வி இருந்தால் ஆப் அரை நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும், பயனர் மூடிவிடுவார். ஸெஃபைர் தானாகவே 5 வினாடி பொறுத்துத்தான் அனுப்புகிறது; அதைக் குறைக்காதீர்கள்.

அளக்கும்போது கரன்ட் கிராஃபில் 1.86 வினாடிக்கு ஒரு கூர்முனை தெரிய வேண்டும். 60 மில்லி வினாடிக்கு ஒன்றாகக் கொத்துக் கொத்தாக வந்தால் செட்டிங் தவறு என்று முடிவு கட்டாதீர்கள். எழுந்த சமயத்தில் போனின் பாக்கெட் கிடைக்காவிட்டால், மறுபடி ஒன்று கிடைக்கும்வரை சென்சார் லேட்டன்சியை ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு ஈவென்டிலும் கேட்கும். ஃப்ரிட்ஜின் இரும்புக் கதவுக்குள் வைத்தால் இதுதான் நடக்கும். கூர்முனை சரியான இடைவெளியில் வந்தும் அகலமாக இருந்தால் 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பாருங்கள். கிரிஸ்டல் இல்லாமல் உள் ஆர்சி ஆசிலேட்டரில் ஓட்டினால் பிழை 500 பிபிஎம் வரை. 1.86 வினாடியில் அது கிட்டத்தட்ட 1 மில்லி வினாடி. அவ்வளவு முன்னதாகவே ரிசீவரைத் திறக்க வேண்டும், ரிசீவர் 5.4 மில்லி ஆம்பியர் குடிக்கும். ஆக ஒவ்வொரு ஈவென்டுக்கும் சுமார் 5 மைக்ரோ கூலும் கூடுதல். செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. சில ரூபாய் கிரிஸ்டலை விட்டதன் விலை இது.

இணைப்பு இல்லாதபோது சென்சார் தன்னை அறிவிக்கும் அட்வர்டைசிங்கின் கணக்கு எளிது. மூன்று சேனலிலும் அனுப்பும் ஒரு ஈவென்டுக்கு 12 மைக்ரோ கூலும் என்றால், 100 மில்லி வினாடி இன்டர்வலில் 120 மைக்ரோ ஆம்பியர், 1022.5-இல் 11.7. இந்த விநோதமான 1022.5 ஆப்பிள் பரிந்துரைக்கும் மதிப்புகளில் ஒன்று, 0.625 அலகில் 1636. முதல் 30 வினாடி 20 மில்லி வினாடியில் வேகமாக அனுப்பி, பிறகு இதற்கு மாறச் சொல்வார்கள். ஆண்ட்ராய்டு பின்னணியில் குறைந்த மின்சார ஸ்கேனில் இருந்தால் நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் கேட்கும், எனவே 1022.5-இல் சென்சாரைக் கண்டுபிடிக்கச் சராசரியாகப் பத்து வினாடி, துரதிர்ஷ்டம் இருந்தால் இருபதுக்கு மேல் ஆகும். ரிவ்யூ மேஜையில் போர்டு "கிடைக்கவில்லை" என்று பதறுவது பெரும்பாலும் இதனால்தான்.

அந்த 30 வினாடி வேக அட்வர்டைசிங்குக்கு ஆகும் செலவு? ஒவ்வொரு முறையும் 0 முதல் 10 மில்லி வினாடி தற்செயல் தாமதம் சேர்வதால் சராசரி 25 மில்லி வினாடி; மொத்தம் 1200 ஈவென்ட், 14.4 மில்லி கூலும், அதாவது 4 மைக்ரோ ஆம்பியர் மணி. பட்டன் அழுத்தும்போது மட்டும் என்றால் ஒன்றுமே இல்லை. ஆனால் பெரும்பாலான மாணவர் கோடு `disconnected` கால்பேக்கிலேயே இதைத் தொடங்கிவிடுகிறது. சிக்னல் எல்லையில் இருக்கும் சென்சார் காரணம் `0x08`-உடன், அதாவது சூப்பர்விஷன் டைம்அவுட்டில், நாளுக்கு 100 முறை துண்டிக்கப்பட்டால் 0.4 மில்லி ஆம்பியர் மணி, சராசரி 16.7 மைக்ரோ ஆம்பியர். தூக்கம், நோட்டிஃபிகேஷன், கனெக்‌ஷன் எல்லாம் சேர்த்து 7 மைக்ரோ ஆம்பியரில் ஓடும் சாதனத்தின் வருட பட்ஜெட் இதிலேயே உடைகிறது. `0x08` வந்தால் நேராக 1022.5-க்குப் போங்கள், வேக அட்வர்டைசிங்கை பட்டனுக்கும் பவர் ஆனுக்கும் மட்டும் வையுங்கள். எக்ஸாமினர் "மீண்டும் இணைய எவ்வளவு நேரம்" என்று கேட்டால், கதவு அலாரம் அந்தப் பத்து இருபது வினாடிக்குள் தொலையாமல் இருக்க, திறந்த நேரத்தை சிப்பில் சேமித்து இணைந்ததும் அனுப்புகிறோம் என்று காட்டுங்கள்.