டிஸ்டல் கால்வாயை நிரப்பும்போது

வேர்ச் சிகிச்சையில் நிரப்பும் கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லின் டிஸ்டல் கால்வாய், அதாவது பின்பக்க வேரின் கால்வாய், பெரும்பாலும் வட்டமாக இருப்பதில்லை. கன்னத்துப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் வரை அகன்றும், முன்பின்னாக ஒடுங்கியும் இருக்கும். நேராக எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்த ஒடுங்கிய முகம் மட்டுமே தெரியும். கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற நிரப்புப் பொருளின் ஒற்றைக் கோன் வைத்தாலும் படத்தில் கால்வாய் நிறைந்ததுபோலத்தான் இருக்கும்.

வேலை நீளம், அதாவது பல்லின் மேற்புள்ளியிலிருந்து நிரப்பல் முடிய வேண்டிய இடம் வரையான அளவு, 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கோன்களைப் பக்கவாட்டில் நெருக்கி நிரப்பும் லேட்டரல் கண்டென்சேஷனில், முதலில் வைக்கும் மாஸ்டர் கோன் 20 வரை போய், இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். இடைவெளியை அடைக்கும் பசையான சீலர் தடவிக் கோனை வைத்த பிறகு, பக்கத்தில் நுழைந்து கோனை நெருக்கும் கூர்நுனிக் கருவியான ஸ்ப்ரெடர் 18 அல்லது 19 வரை இறங்க வேண்டும். அது 14-லேயே நின்றுவிட்டால், கீழே இருக்கும் 6 மி.மீ.யில் நெருக்கம் ஏதும் நடக்கவில்லை. சீலருக்குள் ஒற்றைக் கோன் நிற்கிறது, அவ்வளவுதான். அப்போது மெல்லிய ஸ்ப்ரெடருக்கு மாற வேண்டும், அல்லது கால்வாயை இன்னும் விரித்துச் செதுக்க வேண்டும். பலத்தைக் கூட்டி அழுத்துவது வேரைப் பிளக்கும் வழி. அகன்ற கால்வாயில் ஸ்ப்ரெடரை ஒரே ஓரத்தில் இறக்கிக்கொண்டிருந்தால் மறு ஓரம் வெறுமையாகவே கிடக்கும்.

இந்த வடிவத்துக்கு கோனை வெப்பத்தால் இளக்கி நுனி நோக்கி அழுத்தும் வெப்பச் செங்குத்து முறையே எங்கள் தேர்வு. கோன் நுனியை அரை மி.மீ. குறைத்து வெட்டுகிறோம். அழுத்தும் கருவியான ப்ளக்கர் 15 மி.மீ. வரை இறங்குகிறதா என்று வெப்பமில்லாமல் முதலில் பார்த்து ஸ்டாப்பர் வைக்கிறோம். பிறகு 200 டிகிரி வெப்பத்தில் ஒரே ஓட்டமாக இறக்குகிறோம். அந்த ஆழத்தை நெருங்கியதும் வெப்பத்தை நிறுத்தி, 10 விநாடி அழுத்தியே பிடிக்க வேண்டும். கட்டா பெர்ச்சா ஆறும்போது சுருங்கும்; அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டுவது இந்த அழுத்தம்தான். அவசரப்பட்டுக் கையை எடுத்தால் நுனியருகே வெற்றிடம் விழும். கடைசியில் ஒரு விநாடி வெப்பம் கொடுத்துப் பிரிக்காமல் இழுத்தால் கோன் முழுதும் ப்ளக்கரோடு வெளியே வந்துவிடும்.

மேல்பகுதியை உருகிய கட்டா பெர்ச்சாவால் நிரப்பும்போது, ஊசி நுனியைக் கீழ்த் துண்டின் மேல் சில விநாடி ஒட்டி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேரின் நடுவில் படத்தில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு தெரியும்.

வேர்நுனி அகலமாகத் திறந்து, கோனைத் தாங்கும் தடுப்பு இல்லாத பல்லில் நிலைமை வேறு. அங்கே வெப்ப முறையில் பொருள் எலும்புக்குள் தள்ளப்படும் என்பதால், லேட்டரல் முறையில் நீளம் கைக்குள் இருக்கும்.

நல்ல நிரப்பலின் படத்தில் வெண்மை ஒரே சீராக, மேலிருந்து நுனி நோக்கிப் படிப்படியாகக் குறுகும். நுனிக்கு 2 மி.மீ.க்குள் முடியும், அதற்குக் கீழே நிரம்பாத கால்வாய்க் கோடு தெரியாது. சுவருக்கும் நிரப்பலுக்கும் நடுவே கறுப்பு இழை ஓடாது. நுனியில் சிறு சீலர் துளி தெரிந்தால் பெரிய கவலையில்லை. கோனே வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் கவலை.

டிஸ்டல் கால்வாய்க்கு மட்டும், எக்ஸ்ரே குழாயைச் சுமார் 20 டிகிரி கிடையாகத் திருப்பி இன்னொரு படம் எடுக்கிறோம். நேர்ப் படத்தில் மறைந்த வெற்றிடம் அதில் வெளிப்படும். அது மேல்பகுதியில் இருந்தால் அந்த அளவு வரை சூடாக்கி எடுத்து மறுபடி அழுத்தலாம். நுனிப் பகுதியில் இருந்தால், சீலர் இறுகும் முன்பே முழுதும் எடுத்துவிட்டுத் திரும்ப நிரப்புகிறோம்.