அணைக்கட்டுப் பக்கத்தில் ஓர் அறுப்பின் பண்டிகை

1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் ஊழியத்தால் வட ஆற்காட்டுக் கிராமங்களில் உருவான சபைகள் பலவும் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் வேலூர்ப் பேராயத்தில் அடங்கியுள்ளன. அவற்றுள் ஒன்று, அணைக்கட்டு செல்லும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி அமைந்த, ஓடு வேய்ந்த சிறிய ஆலயம். சம்பா அறுவடை முடிந்து, தை மாதக் கடைசி ஞாயிறன்று அங்கு நடந்த அறுப்பின் பண்டிகைக்குச் சித்தப்பா வீட்டாருடன் சென்றிருந்தேன்.

வாசலின் இருபுறமும் கரும்பும் குலை தள்ளிய வாழையும் கட்டியிருந்தார்கள். உள்ளே, பலிபீடத்துக்கு மேலே உத்திரத்திலிருந்து நெற்கதிர்க் கொத்துகள் தொங்கின. ஆயர் உபாகமம் 26-ஆம் அதிகாரத்தை வாசித்தார். நிலத்தின் முதற்பலனைக் கூடையில் வைத்துக்கொண்டு வருகிறவன், தன் முன்னோர் அடிமைகளாய் ஒடுக்கப்பட்டதையும் கர்த்தர் அவர்களை மீட்டுக்கொண்டு வந்ததையும் வாயினால் சொல்லிய பிறகு கூடையை வைக்க வேண்டும் என்பது அந்த அதிகாரம் சொல்லும் முறை. காணிக்கையோடு தன் குடும்பத்தின் கதையையும் சொல்லச் சொல்கிற அந்தப் பகுதி, பிறருடைய நிலத்தில் கூலிக்கு உழைத்த பாட்டன், பாட்டிமார் நினைவில் இருக்கிற ஒரு சபையில் வாசிக்கப்படும்போது வேறொரு கனத்தோடு வந்து விழுகிறது.

பிரசங்கத்துக்குப் பின் பாட்டு தொடங்கியதும் வரிசை வரிசையாகக் குடும்பங்கள் எழுந்து வந்தன. நெல் மூட்டையை இருவர் தூக்கி வந்தார்கள். கேழ்வரகு, உலர்ந்த வேர்க்கடலை, தேங்காய், பூசணி ஆகியவை பின்தொடர்ந்தன. நிலமில்லாதவர்கள் முட்டையும், கறந்த பாலும், கடையில் வாங்கிய அரிசியும் கொண்டுவந்தார்கள். எதற்கும் தனி இடமில்லை; எல்லாம் ஒரே குவியலாகப் படிகளில் சேர்ந்தன. ஆடும் கோழிகளும் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் கட்டப்பட்டிருக்க, ஆயர் அங்கே சென்று அவற்றுக்காகவும் ஜெபித்தார். திருவிருந்தும் ஆசீர்வாதமும் முடியும்வரை ஒரு பொருளையும் யாரும் எடுக்கவில்லை. காணிக்கைப் பொருள்களைச் சபைக்காக ஏலம் விடுவது ஆராதனையின் பகுதியாகிவிடக்கூடாது என்பதில் இந்தச் சபை கண்டிப்பாக இருக்கிறது, அது சரியென்றே எனக்கும் படுகிறது.

ஏலம் மரத்தடியில் நடந்தது. பால், கீரை, பூ ஆகியவை வெயிலுக்குத் தாங்காது என்பதால் முதலில் போயின. ஆடு கடைசிக்கு வைக்கப்பட்டது, ஏனென்றால் அது போய்விட்டால் கூட்டம் கலைந்துவிடும். கமிட்டிக்காரர் ஒருவர் பொருளைத் தூக்கிக் காட்டி விலை கூற, பொருளாளர் பக்கத்தில் அமர்ந்து நோட்டில் பொருள், எடுத்தவர் பெயர், தொகை, கொடுத்ததா பாக்கியா என்று எழுதினார்.

கணவரை இழந்த ஒரு பெரியம்மா தம் வீட்டுக் கொல்லையில் காய்த்த முள்ளுக் கத்தரிக்காயை ஒரு சிறு கூடையில் கொண்டுவந்திருந்தார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற, காம்பில் முள்ளுள்ள இந்த வட்டாரத்துக் காய் அது. சந்தையில் அக்கூடை ஐம்பது ரூபாய்க்கு மேல் போகாது. இங்கே, "இருநூறு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று சித்தப்பாவுக்கு விழுந்தது. அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. "ண்ணா, திரும்ப ஏலம் விடுங்க" என்று கொடுத்துவிட்டார். சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் முந்நூற்றைம்பதுக்கு எடுத்து அவரும் திருப்பித் தந்தார். மூன்றாம் முறை ஐந்நூறுக்கு எடுத்தவர் கூடையை வைத்துக்கொண்டார். ஐம்பது ரூபாய்க் கத்தரிக்காய் சபைக்கு 1,050 ரூபாயைக் கொண்டுவந்தது. தம்மால் பணமாக ஒருபோதும் தரமுடியாத ஒரு தொகை தம் கூடையிலிருந்து வந்ததை அந்தப் பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கௌரவத்துக்காகப் போட்டி ஏறினால், கையில் குறைவாக வைத்திருப்பவர் வாயே திறக்கமாட்டார். ஒன்றும் எடுக்காமல் வீடு திரும்புவது அவருக்கு வருத்தமாகிவிடும். அதே இருவர் மாறி மாறிக் கேட்பதும் மற்றவர்கள் பின்வரிசைக்கு நகர்வதுமே அதன் அடையாளம். அன்று முட்டைகளில் அப்படி ஆனபோது, விலை கூறியவர் எஞ்சியவற்றை இரண்டிரண்டாகப் பிரித்து, இருபது ரூபாயில் தொடங்கி, சிறுபிள்ளைகள் மட்டுமே கேட்கலாம் என்று அறிவித்தார். பின்வரிசைத் தாய்மார்கள் பிள்ளைகளின் கையில் நோட்டுகளைத் திணித்து முன்னே அனுப்பினார்கள்.

மற்றொன்று பாக்கி. உற்சாகத்தில் கேட்ட தொகை மறுவாரம் சுமையாகத் தெரியும். இந்தச் சபையில் பாக்கியை உயிர்த்தெழுந்த பண்டிகைக்குள் மூன்று தவணைகளாகக் கட்டலாம். கட்டாதவர் பெயரை ஆலயத்தில் வாசிப்பதில்லை, பொருளாளரே வீட்டுக்குச் சென்று பேசுகிறார். ஆடு விலைபோனபின் அவர் மொத்தத்தைக் கூட்டி, ரொக்கம் இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று அங்கேயே அறிவித்தார். மழைக்கு ஒழுகும் மேற்குப் பக்கத்து ஓடுகளை மாற்ற அந்தப் பணம் ஒதுக்கப்பட்டது. ஏலத்துக்கு விடாமல் வைத்திருந்த ஒரு மூட்டை அரிசி, படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் உள்ள இரண்டு குடும்பங்களுக்கு அன்று மாலையே போயிற்று.