மஞ்சள் எடையும் எரர் பாரும்: ஒரு படக்குறிப்பை எழுதி முடித்த அனுபவம்

தை முடிந்து மஞ்சள் வெட்டு மும்முரமாக நடந்த நேரம். ஈரோட்டுப் பக்கம், காளிங்கராயன் வாய்க்காலை ஒட்டிய ஒரு தோட்டத்தில்தான் என் ஆய்வு. பத்துப் பாத்தி பிரித்து, சீட்டுக் குலுக்கி, ஐந்துக்குச் சொட்டு நீர், ஐந்துக்கு வழக்கமான வாய்க்கால் பாசனம் என்று விட்டிருந்தோம். பாத்திக்கு ஐந்து தூர் வெட்டி, மண் உதறி, வேர் கிள்ளி, பச்சைக் கிழங்கை எடை போட்டேன். ஆக ஒவ்வொரு பாசனத்துக்கும் 25 தூர். சொட்டு நீரில் சராசரி 580 கிராம், வாய்க்கால் பாசனத்தில் 520.

கட்டுரைக்காக இரண்டு தூண் வைத்து ஒரு வரைபடம் போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் எண் எவ்வளவு முன்பின் போகலாம் என்று காட்டும் கோடான எரர் பார் வைத்து என் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் முதலில் பார்த்தது தூணை அல்ல, கோட்டை. “இந்தக் கோடு என்னம்மா? திட்ட விலக்கமா, திட்டப் பிழையா?” என்றார். திட்டப் பிழை என்றேன். “அப்படியென்றால் இரண்டு கோடும் எப்படி ஒரே நீளத்தில் இருக்கின்றன?”

அப்போதுதான் கவனித்தேன். ஸ்கேல் வைத்து அளந்ததுபோல இரண்டும் ஒரே நீளம். எக்செல்லில் `Error Bars` போய் `Standard Error` என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அந்தப் பொத்தான் கணக்குப் போடுவது வரைபடத்தில் உள்ள எண்களை வைத்து. என் வரைபடத்தில் இருந்தவை 520, 580 என்ற இரண்டு சராசரிகள் மட்டுமே. அவற்றுக்குப் பின்னால் 25, 25 தூர் இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் இரண்டு தூணுக்கும் ஒரே நீளத்தைப் போட்டுவிட்டது. பக்கத்திலுள்ள `Standard Deviation` என்பதும் அப்படித்தான். நம் தரவிலிருந்து கோடு வர வேண்டுமென்றால் மதிப்பை நாமே கணக்கிட்டு, `Custom` வழியாகக் கொடுக்க வேண்டும். ஒரு வரைபடத்தில் எல்லா எரர் பாரும் ஒரே நீளத்தில் தெரிந்தால் இப்போதெல்லாம் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

சரி, கணக்கிடலாம் என்று உட்கார்ந்தேன். தூர்களின் திட்ட விலக்கம் சொட்டு நீரில் 70 கிராம், வாய்க்கால் பாசனத்தில் 80 கிராம். இது தூருக்குத் தூர் எடை எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்கிறது. 25 தூருக்குப் பதில் 250 தூர் வெட்டினாலும் இந்த எண் ஏறக்குறைய இதே அளவில்தான் நிற்கும், ஏனென்றால் மாறுபாடு மஞ்சளில் இருக்கிறது. திட்டப் பிழை சொல்வது வேறு: நான் சொல்லும் சராசரியே எவ்வளவு தள்ளாடக்கூடும் என்பது. திட்ட விலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 25-இன் வர்க்கமூலம் 5. ஆக 14 கிராம், 16 கிராம்.

கோடு சின்னதாக, பார்க்க அழகாக வந்தது. இரண்டு பாசனத்தையும் ஒப்பிடுவதுதான் என் கேள்வி என்பதால் திட்டப் பிழைதான் பொருத்தம் என்பதும் சரியே. ஆனால் எங்கள் ஆய்வகத்து அக்கா ஒருவர் இன்னொன்று கேட்டார்: “25-ஆல ஏன் வகுத்தே? பாசனத்தை நீ தூருக்குத் தூர் மாத்தினியா, பாத்திக்குப் பாத்தி மாத்தினியா?”

அந்தக் கேள்வியில் நான் இரண்டு நாள் நின்றுவிட்டேன். நோட்டைப் புரட்டினால் விஷயம் கண்ணெதிரே இருந்தது. வாய்க்காலை ஒட்டிய பாத்தியில் ஐந்து தூரும் கனம். மேட்டுப் பக்கப் பாத்தியில் பெரும்பாலும் எல்லாமே இளைத்தவை. ஒரே பாத்தியில் வளர்ந்த தூர்கள் ஒரே ஈரத்தையும் ஒரே மண்ணையும் பகிர்கின்றன. ஒரு தூரைப் பார்த்தாலே பக்கத்துத் தூரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடுகிறது. அவற்றை 25 தனித்தனிச் சாட்சிகளாக எண்ண முடியாது. சீட்டுக் குலுக்கியது பாத்திக்கு; ஆகவே சாட்சி ஐந்துதான்.

பாத்திச் சராசரிகளை எடுத்து எழுதினேன். வாய்க்கால் பாசனம்: 455, 495, 520, 550, 580. சொட்டு நீர்: 530, 560, 585, 600, 625. ஐந்து எண்ணும் ஒரு நெடுவரிசையில் இருக்க, இதைப் போட்டேன்:

```
=STDEV.S(B2:B6)/SQRT(COUNT(B2:B6))
```

வாய்க்கால் பாசனத்துக்கு 21.6 கிராம், சொட்டு நீருக்கு 16.4 கிராம் வந்தது. கோடு முன்னைவிடக் கொஞ்சம் நீண்டது. பெரிய வித்தியாசமில்லையே என்று தோன்றலாம். ஆனால் டி-சோதனை செய்து பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. 25 என்று எண்ணியபோது p மதிப்பு 0.007. ஐந்து என்று எண்ணினால் ஏறக்குறைய 0.06, அதாவது வழக்கமாக வைக்கும் 0.05 என்ற எல்லைக்கு மேல். “சொட்டு நீர் உறுதியாக நல்லது” என்று நான் எழுதி வைத்திருந்த வாக்கியம் நிற்கவில்லை. 60 கிராம் கூடுதல் தெரிகிறது, ஐந்து பாத்தியை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று மாற்றி எழுதினேன். எழுத மனசு வலித்தது. ஆனால் தரவு சொன்னது அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. புதிய கோடுகளை வரைந்தால் ஒன்று 542-இல் முடிகிறது, மற்றொன்று 564-இல் தொடங்குகிறது. இரண்டும் தொடவில்லை. தொடாத கோடு என்றால் வேறுபாடு உறுதி என்று பலர் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்துவந்தேன். திட்டப் பிழைக்கு அந்த வாசிப்பு பொருந்தாது என்பதற்கு என் வரைபடமே சாட்சி. ஐந்து பாத்திக்கு 95% நம்பிக்கை இடைவெளி வேண்டுமென்றால் திட்டப் பிழையை ஏறக்குறைய 2.8-ஆல் பெருக்க வேண்டும். அப்படி வரைந்தால் இரண்டு கோடும் நன்றாகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். திட்ட விலக்கம், திட்டப் பிழை, நம்பிக்கை இடைவெளி என்ற மூன்றில் எதை வரைந்திருக்கிறேன் என்று சொல்லாமல் விட்டால் படிப்பவருக்கு வெறும் கோடுதான் மிஞ்சும்.

என் முதல் வரைவின் படக்குறிப்பில் “மதிப்புகள் சராசரி ± பிழை” என்று மட்டும் இருந்தது. கடைசியில் கட்டுரைக்குப் போனதைத் தமிழில் சொன்னால் இப்படி:

“ஒரு தூரின் பச்சைக் கிழங்கு எடை (கிராம்). தூணின் உயரம் ஐந்து பாத்திகளின் சராசரி; எரர் பார் ± 1 திட்டப் பிழை (n = 5 பாத்தி; ஒவ்வொரு பாத்தியின் மதிப்பும் ஐந்து தூர்களின் சராசரி). புள்ளிகள் தனிப் பாத்திகள்.”

ஐந்தே எண்கள் என்பதால் பேராசிரியர் சொன்னபடி அவற்றையும் தூணின் மேல் புள்ளியாக வைத்துவிட்டேன். தூர்களின் திட்ட விலக்கம் 70, 80 என்பதை அட்டவணையில் தனியாகக் கொடுத்தேன். அனுப்பும் முன் வரைபடத்தின் அச்சில் கோட்டின் மேல்நுனி 541.6-இல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். குறிப்பில் ஒன்று, கோட்டில் இன்னொன்று என்று ஆகிவிடக்கூடாது.

தோட்டத்துக்காரருக்கும் ஒரு படம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். பார்த்துவிட்டு, “அதெல்லாஞ் செரி அம்மிணி, சொட்டுநீரு வுட்டா ஒரு தூரு எவ்வளவுல இருந்து எவ்வளவு வரைக்கும் வருமுங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத் திட்டப் பிழையில் பதில் இல்லை. மறுநாள் அதே 580-க்கு, 70 கிராம் திட்ட விலக்கத்தோடு வேறொரு படம் போட்டு, கீழே எழுதினேன்: “கோடு: தூருக்குத் தூர் மாறுபாடு, ± 1 திட்ட விலக்கம், 25 தூர். மூன்றில் இரண்டு பங்குத் தூர்கள் ஏறக்குறைய 510 முதல் 650 கிராமுக்குள்.”

“அப்ப அரைக் கிலோவுக்குக் கீழயும் சிலது வருமுங்க” என்றார். வரும் என்றேன்.