நடுக்கோட்டை எங்கே போடுவது? ரன் சார்ட் ஒப்படைப்பில் நான் செய்த பிழை

தரமேம்பாட்டுப் பயிற்சியின் கடைசி ஒப்படைப்பு எளிதாகத்தான் தெரிந்தது. வார்டில் நோயாளிகள் கீழே விழுந்த கணக்கை ரன் சார்ட்டாக, அதாவது மாதத்துக்கு ஒரு புள்ளி வைத்து நடுவே ஒரு கோடு போட்ட வரைபடமாக வரைந்து, நர்சிங் கண்காணிப்பாளருக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மருத்துவமனையில் ஆண்கள் வார்டில் வேலை பார்க்கிறேன். பதினெட்டு மாதக் கணக்கு கையில் இருந்தும் என் முதல் தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

எண்ணிக்கையை அப்படியே வரையக் கூடாது என்பது தெரிந்திருந்தது. மாம்பழச் சீசனில் ஒரு கூட்டம், பொங்கலுக்கு ஒரு கூட்டம் என்று வார்டு நிறைவதும் காலியாவதும் மாறும். அதனால் தினமும் நள்ளிரவில் எடுக்கும் நோயாளிக் கணக்கைக் கூட்டி, ஆயிரம் நோயாளி நாட்களுக்கு எத்தனை பேர் விழுந்தார்கள் என்று மாற்றினேன். அக்டோபரில் 930 நோயாளி நாட்களுக்கு 7 பேர், அதாவது ஆயிரத்துக்கு 7.5.

முதல் பன்னிரண்டு மாதப் புள்ளிகளைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் நடுவில் வரும் இடைநிலை அளவு 4.5. நடுக்கோடு போடுவது இந்த அளவில்தான். அந்த அக்டோபருக்கு அடுத்த மாதம் 3.5 வந்தபோது எங்களுக்குப் பாராட்டு, டிசம்பரில் 5.3 வந்ததும் மெமோ. மூன்று மாதமும் நாங்கள் பார்த்தது ஒரே வேலைதான். ஜனவரியில்தான் ஒன்றை மாற்றினோம். இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் ஒவ்வொரு கட்டிலாகச் சென்று கழிவறைக்குப் போக வேண்டுமா என்று கேட்டோம். விழுந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வழியில்தான் விழுந்திருந்தார்கள். அடுத்த ஆறு மாதப் புள்ளிகள்: 3.3, 2.2, 4.1, 1.1, 3.4, 2.3.

இங்கேதான் சறுக்கினேன். பதினெட்டு மாதத்தையும் ஒன்றாகச் சேர்த்து நடுக்கோடு போட்டேன். குறைந்த மாதங்களும் உள்ளே வந்ததால் கோடு 3.8க்கு இறங்கிவிட்டது; மார்ச் மாதத்தின் 4.1 அதற்கு மேலே போய் உட்கார்ந்தது. தொடர்ச்சி அறுந்ததால் 'மாற்றம் இல்லை' என்று எழுதினேன். சொந்த உழைப்பையே நான் அழித்ததுபோல் ஆயிற்று! மாற்றத்துக்கு முந்தைய மாதங்களைக் கொண்டுதான் கோடு போட வேண்டும். பிறகு அதை அசைக்கக் கூடாது. 4.5இலேயே நிறுத்தினால் ஆறு புள்ளிகளும் கீழே நிற்கின்றன. தொடர்ந்து ஆறு புள்ளிகள் ஒரே பக்கம் விழுந்தால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. கோட்டின் மீதே விழும் புள்ளியைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது தொடரை அறுப்பதுமில்லை.

இரண்டாம் முறை குறிப்பை இப்படித் தொடங்கினேன்: "மேடம், மார்ச்சில் கூடிவிட்டதே என்று கேட்டீர்கள். கூடியதுதான், ஆனால் பழைய கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. ஒரு மாதத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிட வேண்டாம், கோட்டோடு ஒப்பிடுங்கள்."

இன்னொன்றும் சேர்த்தேன். மாறியது என்றுதான் சார்ட் சொல்லும், எதனால் என்று சொல்லாது. விழுந்ததை யாரும் படிவத்தில் எழுதாமல் விட்டாலும் கோடு இப்படித்தான் இறங்கும். அதனால் ஆறு மாத இரவு ரிப்போர்ட் புத்தகத்தைப் படிவங்களோடு ஒப்பிட்டேன். ஏப்ரலில் எழுதாமல் விட்ட ஒருவர் அகப்பட்டார். அந்த மாதப் புள்ளி 2.2 ஆயிற்று, ஆறும் கீழேயே இருந்தன. அந்தத் திருத்தத்தை மறைக்காமல் குறிப்பிலேயே எழுதினேன். மேடம் அதன் அருகில் பென்சிலால் ஒரு டிக் போட்டு, மே மாதப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொன்னார்.