மூன்றாம் முறை மசிந்த துவரம் பருப்பு

வெயிலில் சமைக்கும் சூரிய அடுப்புப் பெட்டியில் இன்று பருப்பு வெந்தது. கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு அழுத்து அழுத்தினேன், வெண்ணெய் மாதிரி மசிந்தது. அரிசியும் காயும் முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிட்டன. ஊறவைத்த அரிசிக்கு ஒன்றரை மணி நேரம். நறுக்கிய கேரட், பீன்ஸுக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான், தண்ணீரே விட வேண்டாம். துவரம் பருப்பு மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது.

முதல் முறை 150 கிராமை ஒரே பாத்திரத்தில், பச்சைத் தண்ணீரோடு 11 மணிக்கு வைத்தேன். பொறுமையில்லாமல் மூன்று தரம் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் சேர்ந்திருந்த சூடு வெளியேறிவிடுகிறது, அது திரும்ப ஏறக் கால் மணி நேரமாவது ஆகும். 2 மணிக்குப் பருப்பைப் பிளந்து பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி.

இரண்டாம் முறை ஒரு தரம்கூடத் திறக்கவில்லை. ஆனால் வானத்தில் பால் தெளித்த மாதிரி மெல்லிய மேகம். வெளிச்சம் கண்ணைக் கூசியதால் போதும் என்று நினைத்துவிட்டேன். அங்கேதான் தப்பு. நேராக வரும் கதிரைத்தான் முகக்கண்ணாடி பெட்டிக்குள் திருப்பும். மேகத்தில் சிதறி வரும் ஒளியைத் திருப்பினாலும் பெரிய பலன் இல்லை. இப்போது தரையில் என் நிழலைப் பார்க்கிறேன். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் பருப்பு, மங்கலாக இருந்தால் அரிசியோடு சரி. நிழல் என் உயரத்தைவிட நீளமாக இருந்தால் எதையும் வைப்பதில்லை.

அன்று இன்னொரு வினையும் சேர்ந்துகொண்டது. பாத்திர மூடி ஆடியதால் ஆவி கசிந்து, மேல் கண்ணாடியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர். வருகிற கொஞ்ச வெயிலும் அதில் தடைபட்டது. மூடியின் வளைந்த விளிம்பைத் தட்டி நேராக்கினேன். பெட்டிக் கதவின் ரப்பர் பட்டையும் ஒரு மூலையில் இறுகிப் போயிருந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் சூடு தாங்கும் சிலிக்கான் பட்டையாகக் கேளுங்கள், சாதாரண ரப்பர் சீக்கிரம் வெடிக்கிறது.

இன்று பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு கறுப்புப் பாத்திரங்களில் பாதிப் பாதியாகப் பிரித்து, வெந்நீர் ஊற்றினேன். புளி, தக்காளி எதுவும் போடவில்லை, புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேக மறுக்கும். காலிப் பெட்டியை அரை மணி நேரம் முன்பே வெயிலில் காயவிட்டிருந்தேன். 10 மணிக்கு வைத்தது. 11:40க்குப் பெரிய மேகம் ஒன்று இருபது நிமிடம் மறைத்தது, உள்ளே 104 டிகிரியிலிருந்து 90க்கு இறங்கியதோடு சரி, வேகல் நிற்கவில்லை. திட்டுத் திட்டாக வரும் மேகத்தைப் பெட்டி தாங்கிக்கொள்கிறது. 12:20க்கு இறக்கிவிட்டேன்.

மேகம் விலகாமல் சூடு 60க்குக் கீழே போனால் காத்திருக்காமல் கேஸ் அடுப்புக்கு மாற்றிவிடுங்கள். அரைவேக்காட்டுப் பருப்பு வெதுவெதுப்பில் கிடந்தால் கெட்டுவிடும். அடுத்து முழுக் கொண்டைக்கடலை. முந்தின இரவே ஊறப்போட்டாயிற்று, ரப்பர் பட்டைதான் இன்னும் மாற்றவில்லை.